தணிப்பா, தடையுறலா, அடங்கலா? தொடர் ஆர்எல்சி சுற்றின் மூன்று நிலைகளுக்குப் பெயர் தேடி

உப்புவெளி ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். தொடர் ஆர்எல்சி சுற்றுக்குத் தமிழில் செய்முறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன், மூன்று சொற்களில் பேனா நின்றுவிட்டது. அண்டர்டாம்ப்ட், கிறிட்டிக்கலி டாம்ப்ட், ஓவர்டாம்ப்ட். கொள்ளளவியை மின்னேற்றி, மின்முதலைக் கழற்றி, சுருளும் தடையும் வழியாக அதைத் தானாக வடிய விட்டால் வருகிற நடத்தையைத்தான் சொல்கிறேன். அதை "இயற்கைத் துலங்கல்" என்று எழுதிவிட்டேன், அதில் எனக்குக் குழப்பம் இல்லை. அதன் சிறப்பியல்புச் சமன்பாடு இது:

```
s² + (R/L)s + 1/(LC) = 0
s = -R/(2L) ± √( (R/(2L))² - 1/(LC) )
```

வர்க்கமூலத்துக்குள் இருப்பது மறையாக வந்தால் மூலங்கள் சிக்கலெண்கள், மின்னழுத்தம் பூச்சியத்தைத் தாண்டித் தாண்டி அலைந்து ஓயும். பூச்சியமாக வந்தால் இரண்டு மூலமும் ஒன்றே. நேராக வந்தால் வெவ்வேறான இரண்டு மெய்மூலங்கள், அலைவே இல்லை. நான் இப்போதைக்குப் போட்டிருப்பது குறைதணிப்பு, அவதித் தணிப்பு, மிகைதணிப்பு. நடுவில் உள்ளதை "அவதி" என்றது நம் பிள்ளைகளுக்கு அவதிக்கோணம் பழக்கம் என்பதால். சரியாக வருகிறதா, சொல்லுங்கள்.

நிலாவெளி மொழிபெயர்ப்பாளர்:

ரீச்சர், முதலில் ஒரு சொல். தமிழ்நாட்டுப் பாடநூலில் "தடையுறு அலைவு" என்று ஏற்கனவே இருக்கிறது. இருப்பதை விட்டுவிட்டு நாங்கள் இங்கே வேறொன்று உருவாக்கினால் இணையத்தில் தேடுகிற பிள்ளை இரண்டு கரைக்கும் நடுவில் நிற்கும். ஆகவே குறைதடையுறல், மிகைதடையுறல் என்றே வைப்போம். பொருளும் பொருந்துகிறது, தடையைக் கூட்டக் கூட்டச் சுற்று சீக்கிரம் ஓய்கிறது.

நடுவில் உள்ளதுக்கு "அவதி" வேண்டாம். ஊரில் அவதி என்றால் படுகிற பாடு. மூன்றிலும் வேகமாக அடங்குவது அதுதான் என்பதால் "விரைதணிப்பு" என்று அதன் குணத்தையே பெயராக வைக்கலாமே?

கிண்ணியா கராஜ்காரர்:

அஸ்ஸலாமு அலைக்கும். படிப்பு விசயம் எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் கேட்பது ஷொக் அப்ஸோபர் கதைதானே? வேனின் மூலையைக் கையால் அமுக்கி விட்டுப் பார்ப்பேன். தேய்ந்த ஷொக் என்றால் மூன்று நாலு தரம் துள்ளி அடங்கும். நல்லது என்றால் மேலே வந்து நிற்கும். ஒரு தம்பி தடித்த எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்தான், அமுக்கினால் வண்டி கீழேயே இருந்து மெல்ல மெல்ல எழும்புது. மூதூர் ரோட்டில் ஒரு குழியில் இறங்கின சில்லு திரும்பி வர முதல் அடுத்த குழி வந்துவிட்டது, முதுகு போய்விட்டது என்று கத்தினான். நாங்கள் இதை "ஆடி அடங்குது", "இழுபட்டு அடங்குது" என்றுதான் சொல்வோம். உங்கள் சுற்றுக்கு என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று மட்டும் விளங்கவில்லை.

மூதூர் மாணவி:

நானா, எங்கள் சுற்றில் எண்ணெய் என்றால் தடை.

ரீச்சர், பெயர் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது, ஆனால் எனக்கு ஒரு சிக்கல். போன கிழமை இதே செய்முறை செய்தேன். சுருள் 10 மில்லிஹென்றி, கொள்ளளவி 1 மைக்ரோபரட். R² = 4L/C என்று போட்டால் 200 ஓம் வருகிறது. சிக்னல் ஜெனரேற்றரில் 100 ஹேர்ட்ஸ் சதுர அலை கொடுத்து, தடைப்பெட்டியை ஒவ்வொரு பத்து ஓமாகக் கூட்டிக்கொண்டு ஸ்கோப்பைப் பார்த்தேன். 90 ஓமிலேயே ஆட்டம் நின்றுவிட்டது! மூன்று முறை செய்தேன், 90தான். கொள்ளளவியை மாற்றியும் பார்த்தேன். 200 எங்கே, 90 எங்கே? அப்போ அவதி என்பது கணக்கில் ஒன்று, லாப்பில் வேறொன்றா?

ஓர்ஸ்ஹில், ஓய்வுபெற்ற பொறியாளர்:

தங்கச்சியின் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் பெயர்ச் சிக்கலில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

சமன்பாட்டில் உள்ள R என்பது தடைப்பெட்டியில் நீங்கள் திருப்பிய எண் அல்ல, அந்த வளையத்தில் மின்னோட்டம் கடக்கிற எல்லாத் தடையும் சேர்ந்தது. சிக்னல் ஜெனரேற்றரின் வெளியீட்டுக்குள்ளே வழமையாக 50 ஓம் இருக்கும், சதுர அலை கீழே இறங்கி நிற்கிற நேரத்திலும் அந்த 50 ஓம் வளையத்தில் இருந்துகொண்டே இருக்கும். அடுத்தது சுருள். மெல்லிய கம்பியில் சுற்றிய 10 மில்லிஹென்றிச் சுருளை மல்டிமீற்றரில் அளந்து பாருங்கள், 30 ஓம் காட்டினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். 50உம் 30உம் 80. உங்கள் 90ஐயும் சேர்த்தால் 170.

இன்னும் 30 ஓம் குறைகிறது அல்லவா, அது உங்கள் கண்ணில் இருக்கிறது. மொத்தத் தடை அவதித் தடையின் 0.85 பங்காக இருக்கும்போது மின்னழுத்தம் இறுதி மட்டத்தைத் தாண்டுவது படியின் உயரத்தில் சுமார் 0.6 சதவீதம் மட்டுமே. 8 பிட் ஸ்கோப்பில் திரையின் முழு உயரமே 256 படிகள், ஆகவே அந்தத் தாண்டல் ஒன்றிரண்டு படிக்குள் அடங்கி, கோட்டின் தடிப்பில் மறைந்துபோகும். கண்ணால் பார்த்து "ஆட்டம் நின்றது" என்கிற எவரும் அவதிக்கு முன்னாலேயே நின்றுவிடுவார்கள். கொள்ளளவியை மாற்றியதில் பிழை இல்லை, ஆனால் பிழை அங்கே இருக்கவில்லை. ஒருக்கால் பெட்டியில் 120 வைத்துப் பாருங்கள்.

இனி நிலாவெளித் தம்பிக்கு. தடையைக் கூட்டினால் சீக்கிரம் ஓயும் என்றீர்கள், அவதி வரைக்கும் அது சரி, அதற்கு அப்பால் தலைகீழ். தங்கச்சியின் அதே சுருள், அதே கொள்ளளவியையே எடுங்கள். மொத்தம் 200 ஓம் என்றால் இரண்டு மூலமும் −10000, மின்னழுத்தம் தொடக்க அளவின் நூறில் ஒரு பங்குக்கு இறங்க 0.66 மில்லிசெக்கன் எடுக்கும். 500 ஓமாக்கினால் மூலங்கள் ஏறத்தாழ −2087, −47913. இரண்டாவது கண் மூடித் திறக்குமுன் செத்துவிடும், முதலாவதுதான் இழுத்துக்கொண்டு போகும், அதே நூறில் ஒன்றுக்கு 2.2 மில்லிசெக்கன். ஏன் என்றால் தடை மின்னோட்டத்தை நெரித்துவிட்டது, கொள்ளளவி வடிய வழி போதாது. சுருள் இருந்தும் இல்லாத மாதிரி, R-ஐயும் C-ஐயும் பெருக்கினால் வருகிற 0.5 மில்லிசெக்கன்தான் கிட்டத்தட்ட அதன் நேர மாறிலி. கிண்ணியா நானாவின் தடித்த எண்ணெய் இதுதான், எழும்ப மாட்டாமல் கிடந்த அந்த வேன்தான் இந்த 500 ஓம்.

இதே காரணத்தால்தான் "தடையுறு" இங்கே உதவாது. தொடர் சுற்றில் தடை கூடினால் தணிப்புக் கூடும், சரி. தடை, சுருள், கொள்ளளவி மூன்றையும் பக்கத்துக்குப் பக்கமாக, சமாந்தரமாக இணைத்துப் பாருங்கள். அங்கே தணிப்பு 1/(2RC), தடை கூடக் கூடத் தணிப்புக் குறையும், 50 ஓமுக்குக் கீழே போனால்தான் மிகைதணிப்பு. "தடை மிகுந்தால் குறைதடையுறல்" என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்? ஊசலுக்கு அந்தச் சொல் நன்றாக இருக்கட்டும். தடை என்ற சொல்லை ஓமுக்குக் கொடுத்துவிட்ட மின்சுற்றில் அதையே இதற்கும் கொடுக்கக் கூடாது.

"விரைதணிப்பு" இன்னும் ஆபத்து. அவதிநிலை வேகமானது என்பது பூச்சியத்தைத் தாண்டவே கூடாது என்ற நிபந்தனையோடு மட்டும்தான் உண்மை. நூறில் ஒரு பங்கு தாண்டலாம் என்று விட்டால், தங்கச்சியின் 170 ஓம் சுமார் 0.45 மில்லிசெக்கனில் அடங்கிவிடுகிறது, 200 ஓமை விட வேகம். பெயரே பொய் சொல்லக் கூடாது.

நிலாவெளி மொழிபெயர்ப்பாளர்:

சேர், சமாந்தரச் சுற்றை நான் யோசிக்கவே இல்லை. தடையுறலை மீட்டுக்கொள்கிறேன், விரைதணிப்பையும். ஆனால் "அவதி" மீது என் மனக்குறை போகவில்லை. உங்கள் கணக்கை வைத்துப் பார்த்தால் அது ஒரு வட்டாரம் அல்ல, 199க்கும் 201க்கும் நடுவில் உள்ள ஒற்றைப் புள்ளி, இரண்டு நிலைகளையும் பிரிக்கிற வரம்பு. அப்படியானால் "எல்லைத் தணிப்பு" என்று சொன்னால் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். தமிழ்நாட்டில் இதே இடத்துக்கு "மாறுநிலை" என்பார்கள், அதுவும் கெடுதல் இல்லை.

ஓர்ஸ்ஹில், ஓய்வுபெற்ற பொறியாளர்:

"எல்லை" எனக்கு இடறுகிறது. எல்லைத் தணிப்பு என்றால் தணிப்பின் உச்ச அளவு என்றுதான் காதில் விழும், அதற்கு மேல் தணிப்பே இல்லை என்பது போல. ஆனால் 500 ஓமில் அதற்கு மேலும் இருக்கிறதே. அவதிக்கோணத்தில் அந்த மயக்கம் வந்ததில்லை. நான் அவதியோடுதான் நிற்பேன்.

மூதூர் மாணவி:

சேர், இன்று அளந்தேன். சுருள் 31 ஓம்! பெட்டியில் 120 வைத்தேன், திரையில் 90க்கும் இதற்கும் கண்ணால் வித்தியாசமே தெரியவில்லை, 120இல் கோடு கடைசியில் கொஞ்சம் சோம்பலாகப் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். அப்புறம் 420 வைத்தேன், மொத்தம் 500 ஆகும் என்று. தொடக்கத்தில் விழுந்துவிட்டு, பிறகு நானாவின் வேன் மாதிரி நீளமாக இழுபட்டது. "மிகைதணிப்பு" என்று கேட்டால் நன்றாகத் தணிந்துவிட்டது போல இருக்கிறது, திரையில் பார்த்தால் தணிய மாட்டேன் என்கிறது. எனக்கு "இழுபடு தணிப்பு" பிடித்திருக்கிறது.

கிண்ணியா கராஜ்காரர்:

என் சொல்லா? எடுத்துக்கொள்ளுங்கள் மகள்.

உப்புவெளி ரீச்சர்:

சரி, இப்போதைக்கு இப்படி எழுதுகிறேன். "தணிப்பு" உறுதி, தடையுறல் இல்லை. முதலாவது குறைதணிப்பு, விளக்கத்தில் "ஆடி அடங்குதல்" என்று நானாவின் சொல்லையே போடுகிறேன். மூன்றாவது தலைப்பில் மிகைதணிப்பு, குறையோடு சோடி சேருகிறது என்பதால். விளக்கத்தில் இழுபட்டு அடங்குதல். மாணவி சொன்னது நியாயம், ஆனால் சமன்பாட்டில் மிகையாக இருப்பது தணிப்புக் கெழு, ஓய்கிற வேகம் அல்ல, அதை அந்த இடத்திலேயே 500 ஓம் கணக்கைப் போட்டுக் காட்டிவிடுவேன். செய்முறையின் முதல் படியாக "சுருளின் தடையை அளந்து, ஜெனரேற்றரின் 50 ஓமையும் கூட்டிக்கொள்" என்று சேர்க்கிறேன், முந்திய குறிப்பில் நானும் அதை விட்டிருந்தேன்.

நடுவில் உள்ளதுக்கு அவதியா எல்லையா என்று அடைப்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் வேறு யாராவது ஒரு சொல் கொண்டுவந்தால் நல்லது. இரட்டை மூலம் வருகிற நிலை என்பதால் "இரட்டைமூலத் தணிப்பு" என்று ஒன்று இரவு தோன்றியது, நீளம்தான் தடுக்கிறது.