300 படிகளுக்கு எந்த அச்சு? 500 என்ற கோடு பற்றிய வாதம்

கவிதைக்காரன்: 500 படிகளுக்குக் குறைவாக அச்சிடுகிறவர்கள் ஆப்செட் பக்கமே போகக் கூடாது. டிஜிட்டல்தான் மலிவு. ரிசோ என்ற நகல் இயந்திரம் வினாத்தாளுக்கு மட்டுமே உதவும். டெம்மி அளவில் 96 பக்கக் கவிதை நூலை 300 படிகள் போடவிருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.

அச்சுக்கூடத்தான்: 500 என்ற எண்ணை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்? டெம்மியில் ஒரு பாரம், அதாவது இரு புறமும் அச்சிட்ட ஒரு முழுத் தாள், 16 பக்கம். தாளின் ஒரு புறத்துக்கு எட்டுப் பக்கம் என இரண்டு பிளேட் வேண்டும். என் அச்சகத்தில் பிளேட்டுக்கு 250 ரூபாய். ஓட்டுக்கூலி புறத்துக்கு 300 ரூபாய்; 200 தாள் ஓடினாலும் 1000 தாள் ஓடினாலும் கூலி அதுதான். மையும் பொருத்தமும் சரியாவதற்குள் வீணாகும் 50 தாளுக்கு 100 ரூபாய். ஆக, முதல் நல்ல தாள் வெளிவரும் முன்பே பாரத்துக்கு 1200 ரூபாய் போய்விடுகிறது; உங்கள் நூலின் ஆறு பாரத்துக்கு 7200. அதன் பிறகு ஒவ்வொரு படிக்கும் ஆறு தாள், 12 ரூபாய் மட்டுமே. டிஜிட்டலில் தாளோடு சேர்த்துப் பக்கத்துக்கு 40 காசு என்றால் படிக்கு 38.40. 7200-ஐ இடைவெளியான 26.40-ஆல் வகுத்துப் பாருங்கள். 273-ஆம் படியிலேயே ஆப்செட் மலிவாகிவிடுகிறது. அட்டையும் பைண்டிங்கும் இரண்டுக்கும் பொது என்பதால் விட்டுவிட்டேன்.

கவிதைக்காரன்: எனக்குக் கொடுத்த விலை 30 காசு. அதன்படி கோடு 429-க்குப் போகிறது. 300 படிக்கு டிஜிட்டல் 8640 ரூபாய், உங்கள் ஆப்செட் 10,800. நான் சொன்னது சரிதானே? மூன்று நூல்கள் வெளியிட்டவன் நான், கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை.

அச்சுக்கூடத்தான்: அந்த 30 காசு எத்தனை படிக்குச் சொன்ன விலை என்று சொல்லுங்கள். 500 படிக்குச் சொன்ன விலையை 300-க்குப் பொருத்தியிருந்தால் உங்கள் கணக்கு நிற்காது. பத்துக் காசு மாறினாலே கோடு 150 படிக்கு மேல் நகர்கிறது. அப்படியிருக்க, எல்லோருக்கும் 500 என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மலர்க்குழு: எங்கள் பள்ளி ஆண்டு மலரை ரிசோவில் போட்டோம். வழவழப்பான ஆர்ட் தாளில்தான் படங்கள் எடுப்பாக இருக்கும் என்று அதையே வாங்கிக் கொடுத்தோம். விழா நாளில் பெற்றோரின் கைகளெல்லாம் கறுப்பு. வண்ணப் படங்களுக்கு எது நல்லது?

அச்சுக்கூடத்தான்: ரிசோ மை தாளுக்குள் ஊறித்தான் நிலைக்கும். ஆர்ட் தாளின் பூச்சு அதை உள்ளே விடாததால் எத்தனை நாள் காத்திருந்தாலும் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். பூச்சில்லாத மேப்லித்தோ தாளிலும்கூட முழுக் கறுப்புப் பட்டைகளை விரலால் தேய்த்தால் கறை வரும். ஆனால் கவிதையில் எழுத்துதானே இருக்கிறது? A3 தாளின் ஒரு புறத்தில் நான்கு A5 பக்கம் வைத்தால், மாஸ்டர் எனப்படும் ரிசோவின் துளைத்தாள் ஒன்று போதும். மாஸ்டருக்கு 60 ரூபாய் என்றாலும் பக்கத்துக்கு 15 ரூபாய்தான் முதல் செலவு. ஆப்செட்டில் அது 75. என் கணக்கில் 65 படி தாண்டியதுமே ரிசோ டிஜிட்டலை முந்துகிறது. நூலை டெம்மியிலிருந்து A5-க்கு மாற்ற வேண்டும் என்பது ஒன்றுதான். வினாத்தாள் இயந்திரம் என்று ஒதுக்கியது தவறு.

கவிதைக்காரன்: டெம்மியில் நான்கு பக்கம் A3-க்குள் அடங்காது என்பது உங்களுக்கே தெரிந்துதான் அளவை மாற்றச் சொல்கிறீர்கள். வாசகர் டெம்மி கேட்கிறார். போன வருடமும் இதே போல என் நூலின் தாளைக் குறை சொன்னீர்கள்.

அச்சுக்கூடத்தான்: 60 ஜி.எஸ்.எம். தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்ததைச் சொன்னேன். இப்போதும் சொல்வேன்.

தாள்வியாபாரி: இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். பக்கம் கூடக் கூட ஆப்செட்தான் லாபம். 300 பக்க நாவலுக்கு 100 படியிலேயே ஆப்செட் வென்றுவிடும்.

அச்சுக்கூடத்தான்: வெல்லாது. பாரம் கூடினால் பிளேட் செலவும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஒரு பாரத்தில் டிஜிட்டல் 6.40, ஆப்செட் தாள் 2, மிச்சம் 4.40. 1200-ஐ அதனால் வகுத்தாலும் அதே 273 தான். 96 பக்கமானாலும் 320 பக்கமானாலும் கோடு அசையாது. மாறாக 100 பக்கம் என்று வைத்தால், மிஞ்சும் நான்கு பக்கத்துக்கும் தனியே பிளேட் போட வேண்டும். அங்கே கோடு மேலே போகும். அதனால்தான் பக்கத்தைப் பதினாறின் மடங்கில் முடிக்கச் சொல்கிறோம்.

தாள்வியாபாரி: முப்பது வருடமாகத் தாள் விற்கிறேன். பெரிய நூல்கள் ஆப்செட்டுக்குத்தான் போகின்றன.

அச்சுக்கூடத்தான்: அவை 1000 படி போவதால் போகின்றன, பக்கம் கூடியதால் அல்ல.

கவிதைக்காரன்: விற்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கும் 150 படிகளை உங்கள் 273-இல் எந்த வரியில் சேர்த்தீர்கள்? டிஜிட்டலில் நூறு போட்டு, தீர்ந்ததும் மறுபடி நூறு போடுவேன். 500 என்று நான் சொன்னதில் அதுவும் அடங்கும்.

அச்சுக்கூடத்தான்: முதல் பதிவில் அந்தச் சொல்லே இல்லை. அது அச்சுச் செலவு அல்ல, விற்பனைக் கவலை. 30 காசு எத்தனை படிக்கு என்பதை முதலில் சொல்லுங்கள்.

கவிதைக்காரன்: ரசீது வீட்டில் இருக்கிறது. 500 என்பது 500 தான்.