கொரிய மொழியில் ‘ஷி’ எங்கே, ‘யோ’ எங்கே: வகுப்பிலும் வேலையிலும் கண்டவை

ஸ்ரீபெரும்புதூர்_துபாஷி

வேலைக்காகக் கொரிய மொழி படிக்கும் பெரியவர்களிடம் திரும்பத் திரும்பக் காதில் விழும் பிழை இது. கொரியர் “ஒதி காசெயோ?” என்று கேட்கிறார். எங்கே போகிறீர்கள் என்று பொருள். நம் ஆள் மிகப் பணிவாக “ஜிபெ காசெயோ” என்று பதில் சொல்கிறார். கேட்டவர் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். “அடியேன் வீட்டுக்கு எழுந்தருளுகிறேன்” என்று சொன்ன கதைதான். “ஜிபெ காயோ” என்றால் போதும்.

காரணம் வினைமுற்றில் இருக்கிறது. தமிழில் ‘போறீங்க’ என்று கேட்டால் ‘போறேன்’ என்று நாக்கு தானாகவே மாறிவிடும், ஏனென்றால் யார் போகிறார் என்பது விகுதியிலேயே உண்டு. கொரிய வினையில் தன்மை, முன்னிலை, படர்க்கை எதுவும் கிடையாது. அதனால் கேள்வியில் வந்த வினையை அப்படியே திருப்பிச் சொல்லிவிடுகிறார்கள். மற்றவர்கள் கவனித்த பிழைகளையும் எழுதுங்கள். எங்கே வழுக்குகிறது, எப்படிச் சரிசெய்கிறீர்கள்?

கே_டிராமா_ரசிகை

இதில் குழம்ப என்ன இருக்கிறது? ‘யோ’ சாதாரண மரியாதை, ‘செயோ’ கூடுதல் மரியாதை, ‘ம்னிதா’ உச்சபட்ச மரியாதை. மூன்று படி. ஆள் பெரியவராக ஆக மேல் படிக்குப் போக வேண்டியதுதானே?

கொங்கு_வாத்தியார்

பாதி சரிங்க. ‘யோ’வும் ‘ம்னிதா’வும் ஒரே ஏணியின் படிகள்தான். ‘செயோ’ அந்த ஏணியில் இல்லை. அதற்குள்ளே இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. முதல் துண்டு ‘ஷி’. அது செயலைச் செய்கிறவருக்குக் கொடுக்கும் மரியாதை. இரண்டாவது ‘யோ’. அது கேட்டுக்கொண்டு நிற்கிறவருக்குக் கொடுக்கும் மரியாதை. ‘அன்யொங்ஹாசெயோ’, ‘ஜுசெயோ’ என்று முதல் வாரமே முழுசாக மனப்பாடம் செய்துவிடுவதால், அது ஒரே துண்டு என்று மனதில் பதிந்துவிடுகிறது. போதாததற்கு, எதிரில் இருப்பவரையே “எங்க போறீங்க” என்று கேட்கும்போது செய்கிறவரும் கேட்கிறவரும் ஒரே ஆள். இரண்டு மரியாதையும் அவருக்கே போவதால் வித்தியாசம் கண்ணில் படாது.

பிரித்துப் பார்க்க வேண்டுமானால் மூன்றாம் ஆளைப் பற்றிப் பேச வேண்டும். கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்கு இது சுலபம். எங்கள் பேச்சில் இரண்டு துண்டும் தனித்தனியாகவே இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் “அப்பா வந்தாருங்க” என்போம். கொரிய மொழியில் “அபொஜிகா ஓஷொஸ்ஸொயோ”. ‘ஆரு’ அப்பாவுக்கு, ‘ங்க’ பெரியவருக்கு. அங்கே ‘ஷி’ அப்பாவுக்கு, ‘யோ’ பெரியவருக்கு.

அதே பெரியவரிடம் தம்பியைப் பற்றி “தம்பி வந்தானுங்க”. அது “தோங்செங்-இ வாஸ்ஸொயோ”. ‘ஷி’ போய்விட்டது, ‘யோ’ நிற்கிறது.

கூட்டாளியிடம் “அப்பா வந்தாரு”. அது “அபொஜிகா ஓஷொஸ்ஸொ”. இப்போது ‘யோ’ போய்விட்டது, ‘ஷி’ நிற்கிறது.

கூட்டாளியிடம் தம்பியைப் பற்றி “தம்பி வந்தான்”. அது “தோங்செங்-இ வாஸ்ஸொ”. இரண்டும் இல்லை.

இந்த நாலையும் இறந்தகாலத்திலேயே பழக்குங்கள். நிகழ்காலத்தில் ‘செயோ’ என்று உருகி ஒட்டிக்கொள்ளும் ‘ஷி’, இறந்தகாலத்தில் ‘ஷொஸ்ஸொ’ என்று தனியாகத் தெரியும். நாலு வாக்கியமும் தடுமாறாமல் வந்த பிறகு நிகழ்காலத்துக்குப் போனால் போதும். பதில் சொல்லும்போது ஒரே சோதனை: செய்கிறவர் நானா? அப்படியென்றால் ‘ஷி’யைப் பிடுங்கிவிடு. ‘யோ’வைத் தொடாதே.

வடசென்னை_வாசகர்

எங்கள் பக்கம் ‘வந்தானுங்க’ என்றால் நாலு பயல்கள் வந்தார்கள் என்று பொருள். மரியாதைக்கு நேர் எதிர்! இந்த உதாரணத்தைச் சென்னை வகுப்பில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும்.

கொங்கு_வாத்தியார்

உண்மைதாங்க. உங்கள் ஊருக்கு “ஆமாங்க”, “இல்லைங்க”, “ஏங்க” போதும். அந்த ‘ங்க’ செயலைச் செய்தவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, கேட்கிறவரைத்தான் சுட்டுகிறது. ‘யோ’வும் வினையில்லாத இடத்தில் அப்படியே ஒட்டும். “வேயோ?” என்றால் “ஏனுங்க?”. “ஜொயோ?” என்றால் “நானுங்களா?”. “ஜொனுன்-யோ, ஒஜெ-யோ…” என்று இழுத்துப் பேசினால் “நானுங்க, நேத்துங்க…” என்பதேதான்.

ஒப்புமை ஓர் இடத்தில் அறுந்துவிடும். ‘ங்க’வை விட்டுவிட்டு “நேத்து வந்தேன்” என்று பெரியவரிடம் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ‘வந்தேன்’ யாரிடமும் சொல்லக்கூடிய பொது வடிவம். கொரியப் பேச்சில் அப்படிப் பொது வடிவம் கிடையாது. ‘யோ’வை விட்டு “வாஸ்ஸொ” என்று நிறுத்தினால் அது ‘பன்மால்’, அதாவது சிநேகிதரிடமும் சின்னவரிடமும் மட்டும் பேசும் பேச்சு. மூச்சு வாங்கியதால் விட்டுப்போனது என்று மேலதிகாரி எடுத்துக்கொள்ள மாட்டார்.

யாழ்_தொழிலாளி

நீங்கள் சொல்லுற பன்மால் பிரச்சினைதான் இங்க கொரியாவில தொழிற்சாலையளில பெரிய பிரச்சினை. இலங்கையில இருந்து பரீட்சை எழுதி வாற ஆக்கள் புத்தகத்தில ‘யோ’வும் ‘ம்னிதா’வும்தான் படிச்சிருப்பினம். வேலைத்தளத்தில காதில விழுறது முழுக்க “பல்லி ஹே”, “காஜ்யொவா”, “இகொ ம்வோயா?”. கெதியாச் செய், கொண்டு வா, இதென்ன எண்டு மேற்பார்வையாளர் கத்துற வசனங்கள். ஆறு மாதத்தில அதுதான் வாயில ஊறிப்போகும். பிறகு அதே மேற்பார்வையாளரிட்டயே “இகொ ம்வோயா?” எண்டு கேட்பினம். அவருக்கு முகம் சிவந்திடும்.

இதுக்கு ஒரு வழி இருக்கு. காதில விழுற ஒவ்வொரு வசனத்தையும் திருப்பிச் சொல்லேக்க ‘யோ’ வடிவமா மாத்திச் சொல்லிப் பழகோணும். “இகொ ம்வோயா?” எண்டு கேட்டால் “இகொ ம்வோயேயோ?” எண்டு மனசுக்குள்ள சொல்லோணும். ‘ங்’ எண்டு ஆமோதிக்கிறதையும் நிப்பாட்டி ‘நே’ எண்டே சொல்லோணும்.

ஒரு கேள்வி. எங்கட பேச்சில நீ, நீர், நீங்கள் எண்டு மூண்டு படி. ‘நீர் வாரும்’ எண்டுறது நடுப்படி. அதுதானே இந்த ‘யோ’?

ஸ்ரீபெரும்புதூர்_துபாஷி

இல்லை என்றே நினைக்கிறேன். ‘யோ’ கீழிருந்து மேலேயும் போகும். ஊழியர் முதலாளியிடம் தாராளமாகப் பேசலாம். ‘வாரும்’ என்று இளையவர் மூத்தவரைச் சொல்ல முடியுமா? அதற்கு நெருக்கமானது ‘ஹாகெ’ வடிவம். மாமனார் வளர்ந்த மருமகனிடம் “இரி ஓகெ” என்பார், இங்கே வாரும் என்கிற அதே தொனி. வயதான பேராசிரியர் வளர்ந்த மாணவரிடமும் பேசுவார். இளையவர்கள் பேச்சில் அது அருகிவிட்டது. கேட்டால் புரிந்துகொண்டால் போதும், வாயால் சொல்லிப் பழக வேண்டியதில்லை.

யாழ்_தொழிலாளி

சரி, ஆனால் மனுசன் மனுசியை ‘நீர்’ எண்டுறதும், கூட வேலை செய்யிற ஆக்கள் தங்களுக்குள்ள ‘நீர்’ எண்டுறதும் மாமனார் தொனி இல்லையே. முழுசாப் பொருந்தேல்லை.

மொழிப்பிரியன்

நான் முதலில் ஜப்பானியம் படித்தவன். அங்கே வெளி நிறுவனத்தாரிடம் நம் மேலாளரைப் பற்றிப் பேசும்போது மரியாதையைக் கழற்றிவிட வேண்டும். கொரிய மொழியிலும் அப்படித்தான். வாடிக்கையாளரிடம் “எங்கள் மேலாளர் வெளியே போயிருக்கிறார்” என்பதில் ‘ஷி’ வரக்கூடாது.

ஸ்ரீபெரும்புதூர்_துபாஷி

ஜப்பானியத்துக்கு நீங்கள் சொல்வது சரி. கொரிய அலுவலகங்களில் ‘ஷி’ நிற்கும். “குவாஜாங்-நிம் நாகாஷொஸ்ஸும்னிதா” என்று சொல்லலாம். தமிழிலும் நிறுவனத்தின் பெரிய அதிகாரியிடம் “சூப்பர்வைசர் வெளிய போயிருக்காரு” என்றுதானே சொல்கிறோம், ‘போயிருக்கான்’ என்றா சொல்கிறோம்? தமிழ்ப் பழக்கமே இங்கே கைகொடுக்கும்.

நீங்கள் சொல்வதற்குச் சற்று ஒத்த பழைய வழக்கம் ஒன்று உண்டு. பெயர் ‘அப்ஜொன்பொப்’. தாத்தாவிடம் அப்பாவைப் பற்றிப் பேசினால் அப்பாவுக்கு ‘ஷி’ போடாமல் பேசுவது. கேட்கிறவர் அப்பாவைவிடப் பெரியவர் என்பது கணக்கு. இது வீட்டு வழக்கம். கொரிய தேசிய மொழி நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மொழி நெறிமுறையே அலுவலகத்துக்கு இதைக் கேட்பதில்லை, வீட்டிலும் தாத்தாவிடம் அப்பாவுக்கு ‘ஷி’ சேர்த்துப் பேசலாம் என்கிறது. கழற்றுவதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் கழற்றாமல் விடுங்கள்.

கே_டிராமா_ரசிகை

அப்படியானால் எல்லா இடத்திலும் ‘ஷி’ போட்டுவிட்டால் பாதுகாப்புதானே? கடைகளில் காபியே ‘நாஓஷொஸ்ஸும்னிதா’ என்று வருகிறதே!

கொங்கு_வாத்தியார்

அதைத்தான் கொரியர்களே கிண்டல் செய்கிறார்கள். காபி எழுந்தருளியிருக்கிறது என்கிற மாதிரி. சரியான வாக்கியம் “கொபி நாவாஸ்ஸும்னிதா”. வாடிக்கையாளருக்கான மரியாதை ‘ம்னிதா’விலேயே வந்துவிட்டது. நாமும் “காபி வந்துருச்சுங்க” என்போமே தவிர “காபி வந்துட்டாருங்க” என்போமா?

ஆனால் ஒரு வளைவு உண்டு. பெரியவரின் உடம்பு, நேரம், பேச்சு போன்றவற்றுக்கு ‘ஷி’ செல்லும். உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்பது “ஷிகான் இஸ்ஸுசெயோ?”. அங்கே ‘கெசெயோ’ போட்டால் தப்பு, ஏனென்றால் ‘கெஷிதா’ ஆளே ஓரிடத்தில் இருப்பதற்கான சொல். “அபொஜி கெசெயோ?” என்றால் அப்பா இருக்காருங்களா என்று பொருள், அது சரி. ஆள் இருக்கிறாரா, ஆளிடம் ஒன்று இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தால் தடுமாற்றம் வராது.

புதுசா_படிக்கிறேன்

மன்னிக்கவும், நடுவில் ஒரு கேள்வி. அகராதியில் ‘நீங்கள்’ என்பதற்கு ‘தாங்ஷின்’ என்று இருக்கிறது. மேலாளரிடம் “தாங்ஷின்” என்று பேச ‘ம்னிதா’ சேர்த்தால் போதுமா?

ஸ்ரீபெரும்புதூர்_துபாஷி

வேண்டவே வேண்டாம். புருஷன் பெண்டாட்டிக்குள் சொல்வார்கள், இல்லையென்றால் சாலையில் வண்டி இடித்துச் சண்டை போடும்போது சொல்வார்கள். பின்னால் எந்த விகுதி சேர்த்தாலும் காப்பாற்றாது. பதவிப் பெயருடன் ‘நிம்’ சேர்த்து அதையே எழுவாயாக வையுங்கள்: “குவாஜாங்-நிம், ஒன்ஜெ ஓசெயோ?”. “சார் எப்ப வர்றீங்க?” என்று நாம் கேட்பதில் ‘நீங்கள்’ எங்கே இருக்கிறது? அதே வழி. ‘ஷி’ இருந்தாலே பேச்சு உங்களைப் பற்றியதல்ல என்று அவருக்குப் புரிந்துவிடும்.

வடசென்னை_வாசகர்

ஒரு சந்தேகம் பாக்கி. எங்கள் வீட்டில் “அம்மா வந்துட்டா” என்கிற ஆளும் உண்டு, “வந்துட்டாங்க” என்கிற ஆளும் உண்டு. கொரிய மொழியில் அம்மாவுக்கு ‘ஷி’ கட்டாயமா?

கொங்கு_வாத்தியார்

‘ஒமொனி’ என்றால் ‘ஷி’ சேர்த்தே பேசுங்கள். ‘ஒம்மா’ என்று செல்லமாகச் சொல்லும்போது கொரியர்களே நிறையப் பேர் “ஒம்மா வாஸ்ஸொ” என்று விட்டுவிடுகிறார்கள். வகுப்பில் நான் இரண்டுக்கும் ‘ஷி’ போடத்தான் சொல்வேன்.

ஸ்ரீபெரும்புதூர்_துபாஷி

நான் ‘ஒம்மா’வுக்குப் போடச் சொல்வதில்லை. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதைக் கேட்டதே இல்லை.

கொங்கு_வாத்தியார்

நான் கேட்டிருக்கிறேனுங்க. வீட்டுக்கு வீடு வேறு.