புதுப்பிப்பு: பாகின் சி மைனர் ஃபியூக், வெல்-டெம்பர்ட் கிளேவியர் முதல் தொகுதி, இரண்டாம் எண்

ஃபியூகில் முதல் குரல் தொடங்கும் மெட்டு சப்ஜெக்ட்; அடுத்த குரல் அதை வேறு சுரத்திலிருந்து திருப்பிச் சொல்வது ஆன்சர்; ஒரு குரல் சப்ஜெக்டை முடிப்பதற்குள் இன்னொன்று அதோடு நுழைவது ஸ்ட்ரெட்டோ. நான் கேட்டிருந்தது: "ஆன்சர், சப்ஜெக்டை அப்படியே ஐந்தாம் சுரத்துக்கு ஏற்றியதுதானே? நாலாவது சுரம் ஏன் பொருந்தவில்லை? ஸ்ட்ரெட்டோ எங்கே?"

சேலத்து கொயர் நண்பர் "அச்சுப்பிழை, மற்றதெல்லாம் சரியாக ஏறுகிறதே" என்றார். பாதி சரிதான்: மாறுவது அந்த ஒரு சுரம் மட்டும். ஏற்காட்டில் ஆர்கன் வாசிக்கும் அண்ணன் காரணம் சொன்னார். சப்ஜெக்ட் சி, பி, சி, ஜி என்று தொடங்குகிறது. மூன்றாம் பாரில் சொப்ரானோ ஜி, எஃப் ஷார்ப், ஜி என்று ஏறிவிட்டு, டி வரவேண்டிய இடத்தில் சி வாசிக்கிறது. ஆரம்பத்திலேயே ஜி வந்துவிட்டதால் அதற்குப் பதில் சி. தொடக்க சுருதியான சி மைனர் உடனே நழுவாமல் இருக்க இந்த ஏற்பாடு. பின்னால் வரும் ஜி-க்கு டி-யேதான் பதில். இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள், அழகாகத் தெரியும்.

அதே மூன்றாம் பாரில் ஆல்ட்டோ வேகமாக இறங்குகிறதே, அதுதான் கவுண்டர்சப்ஜெக்ட், அதாவது சப்ஜெக்டோடு கூடவே வரும் எதிர்மெட்டு. ஏழாம் பாரில் பேஸ் நுழையும்போது அது சொப்ரானோவில் திரும்புகிறது.

ஸ்ட்ரெட்டோ இதில் கிடையாது. தேடுபவர்கள் முந்தைய சி மேஜர் ஃபியூகின் ஏழாம் பாரைப் பாருங்கள்: சொப்ரானோ தொடங்கி ஒரே பீட்டில் டெனர் நுழைந்துவிடுகிறது. ஆனால் அங்கே நிலையான கவுண்டர்சப்ஜெக்ட் இல்லை.

ஒரு தங்கை கிரேடு தேர்வுக்கு விரல் எண்கள் கேட்டாள். அது தனிப் பதிவு. ஐந்து, ஆறாம் பார்களை எபிசோட், அதாவது சப்ஜெக்ட் முழுதாக வராத இடைப்பகுதி, எனலாமா என்று அண்ணனும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.