மூணு தடவை எடுத்ததுக்கே 27 ரூபாய் 14 காசு போச்சா?

கல்மண்டபம் செல்வி
காசிமேட்டுல மீன் எடுத்து விக்கிற ஒரு அக்காவோட பாஸ்புக். ஒரே மாசத்துல அடுத்த பேங்க் ஏடிஎம் மெஷின்ல மூணு தடவை பணம் எடுத்திருக்காங்க: 3ஆம் தேதி 2,000, 11ஆம் தேதி 1,500, 19ஆம் தேதி 500. சென்னையில மூணு ஃப்ரீதானே? ஆனா கீழயே 27.14னு ஒரு பிடித்தம். 500 எடுக்க 27 ரூபாயான்னு பென்சிலால வட்டம் போட்டு வெச்சிருக்காங்க. விசாரிச்சா, 8ஆம் தேதி ஒரு தடவை பேலன்ஸ் மட்டும் பார்த்தாங்களாம். பணம் நகராததால அது பாஸ்புக்ல ஏறாது, ஆனா எண்ணிக்கையில ஏறிடும். அப்போ 19ஆம் தேதி எடுத்தது நாலாவது.

மீஞ்சூர் ரவி
மூணு எல்லாம் சிட்டி பிராஞ்சுக்கு. எங்க பிராஞ்ச் மீஞ்சூர், அதனால எனக்கு எங்க போனாலும் அஞ்சு. அந்த அக்காவும் கணக்கை இங்க மாத்திக்கிட்டா பிரச்சினையே இல்ல.

பழைய கவுன்டர்காரன்
ரவி தம்பி, அஞ்சு உண்டுங்கிறது சரி, காரணம் தப்பு. கணக்கு எந்த ஊர்ல இருக்குன்னு யாரும் பார்க்கறதில்ல, மெஷின் எந்த ஊர்ல நிக்குதுன்னுதான் பார்ப்பாங்க. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் இந்த ஆறு ஊர் மெஷின்ல மூணு, மத்த ஊர்ல அஞ்சு. மீஞ்சூர் கார்டைத் தண்டையார்பேட்டை மெஷின்ல போட்டாலும் மூணுதான். கணக்கை மாத்தச் சொல்லி அந்த அம்மாவை அலைய விடாதீங்க.

செல்வி சொன்ன தொகை: 23 ரூபாய், அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 4.14, ஆக 27.14. 2025 ஏப்ரல் வரைக்கும் 21 ரூபாயா இருந்தது. 23ங்கிறது உச்ச வரம்பு, அதுக்கு மேல போட முடியாது. தொகையைப் பொறுத்ததும் இல்ல, 100 எடுத்தாலும் 10,000 எடுத்தாலும் அதேதான்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா வரிசை. அவங்க மூணு தடவை பணம் எடுத்த பிறகு பேலன்ஸ் பார்த்திருந்தா, நாலாவது பேலன்ஸ் பார்த்ததா ஆகியிருக்கும். அதுக்குப் பல வங்கியில பத்து ரூபாய் சுத்துவட்டாரத்துலதான் பிடிப்பாங்க. முன்னாடி பார்த்ததால ஒரு இலவசத்தை அதுக்குக் குடுத்துட்டு, பணம் எடுத்ததுக்கு முழுசா அழுதாங்க.

ராயபுரம் பாஷா
நானும் இதேதான் கேக்கணும். மெஷின் கடகடன்னு சத்தம் போட்டுச்சு, நோட்டு வரல, அக்கவுண்ட்ல 4,000 போயிடுச்சு. இதுக்கும் சார்ஜா?

பழைய கவுன்டர்காரன்
அது வேற கேஸ் பாய். நோட்டு இல்ல, லைன் கோளாறு, மெஷின் கோளாறு, பின் நம்பர் தப்பு, இப்படி நின்னுபோனதை எண்ணிக்கையில சேர்க்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்ட்லயே சொல்லிடுச்சு. பிடிச்ச 4,000 அன்னையிலேருந்து அஞ்சு நாளுக்குள்ள திரும்ப ஏறணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துக் குடுக்கணும். சீட்டு வந்திருந்தா கிழிக்காம வைங்க, இல்லன்னா மெஷின் நம்பரும் நேரமும் குறிச்சுட்டு உங்க பேங்க்லயே புகார் குடுங்க, மெஷின் வெச்சவங்ககிட்ட இல்ல. 30 நாள்ல பதில் வரலன்னா cms.rbi.org.in.

கணக்குல இருக்கிறதுக்கு மேல கேட்டு நின்னுபோறது மட்டும் இந்தச் சலுகையில வராது. அதுக்குத் தனியா ஒரு கட்டணம் பிடிக்கிற வங்கிகள் உண்டு.

கேக்காமலே சொல்றேன்: பேலன்ஸ் பார்க்க மிஸ்டு கால் நம்பர் இருக்கு, இல்லன்னா சொந்த பேங்க் மெஷின். அங்க பேலன்ஸ் பார்க்கறது எண்ணிக்கைக்கே வராது. பணம் எடுக்கவும் அங்க தனியா அஞ்சு இருக்கு, அது இந்த மூணோட சேராது. எந்த பேங்க் பேரும் இல்லாத தனியார் மெஷின்ல போட்டா அது அடுத்த பேங்க் கணக்குலதான் போகும்.

வியாசர்பாடி கார்த்தி
ஜிபே இருக்கும்போது யாருங்க மெஷினுக்குப் போறது.

கல்மண்டபம் செல்வி
விடிகாலை ஏலத்துல கூடையைத் தூக்கும்போது நெட் சுத்திட்டே இருந்தா, மீன் அடுத்தவங்க கூடைக்குப் போயிடும் கார்த்தி.

பெரியவரே, ஒண்ணு கேக்கணும். நாலாவது தடவை போடும்போது மெஷின் ஏன் சொல்லல? "கட்டணம் விதிக்கப்படலாம்"னு மட்டும் காட்டுச்சாம்.

பழைய கவுன்டர்காரன்
அதுக்குத் தெரியாதும்மா. எத்தனாவதுங்கிற எண்ணிக்கை உங்க பேங்க்கிட்ட இருக்கு, மெஷின் இன்னொருத்தரோடது. முதல் தடவை போட்டாலும் அதே வரியைத்தான் காட்டும்.

மீஞ்சூர் ரவி
சரி, ஒத்துக்கறேன். ஆனா ஒரே மாசத்துல சென்னையில மூணு, மீஞ்சூர்ல ரெண்டு எடுத்தா மொத்தம் அஞ்சா, இல்ல மீஞ்சூர்ல இன்னும் மூணு பாக்கி இருக்கா? ரெண்டு பேங்க்ல கேட்டேன், ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.