ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய விலைச்சிட்டை

ஆரையம்பதி வாசகி:
2018இல் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது கணக்கு எழுதும் வேலையை விட்டவள், 2025இல் மட்டக்களப்பு நகரிலுள்ள கட்டடப் பொருள் கடையொன்றின் நேர்முகத்துக்குச் சென்றேன். ஒரு இலட்சம் ரூபாய்ச் சரக்குக்கு வரி விலைச்சிட்டை எழுதச் சொன்னார்கள். தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி 2 சதவீதப்படி 2,000, அதையும் சேர்த்த 102,000இன் மேல் வற் 15 சதவீதப்படி 15,300, மொத்தம் 117,300 எனக் கை தானாகவே எழுதி முடித்தது. முகாமையாளர் அந்த 2,000ஐ மட்டும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, "இந்த வரி இல்லாமல் போய்க் கனகாலம், தங்கச்சி" என்றார். அவர் குரலில் கேலி துளியும் இருக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கல்முனைக்காரன்:
இதற்கு ஏன் இவ்வளவு கவலை? விகிதம் மட்டுமே மாறியிருக்கிறது. 15 இருந்த இடத்தில் 18 போட்டால் கணக்குச் சரி. எக்செல்லைப் படியுங்கள். நான் சவூதியிலிருந்து திரும்பியபோது மூன்று மாத வகுப்புக்குப் போனேன், சான்றிதழும் இருக்கிறது. தட்டச்சு வேகம், மின்னஞ்சல் எழுதும் முறை, நேர்முகத்துக்கான உடை, இவற்றையெல்லாம் கவனித்தால் வேலை தானாக வரும்.

ஓய்வுபெற்ற கணக்காளர், கல்லடி:
தம்பி சொன்னபடி 18 போட்டால் 102,000இன் மேல் 18,360 வந்து, மொத்தம் 120,360 ஆகும். சரியான தொகை 118,000. வாடிக்கையாளரிடம் 2,360 ரூபாய் கூடுதலாக வாங்கியிருப்பீர்கள். அந்த 2 சதவீத வரி 2019 டிசம்பரிலேயே நீக்கப்பட்டது. வற் அப்போது 8க்கு இறங்கி, 2022இல் 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும் ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆனது. இடையில் மீண்டும் 15 வந்ததால், 2023ஆம் ஆண்டுக் கோப்பைப் புரட்டும் பழைய ஆள் எதுவும் மாறவில்லை என்றே நம்பிவிடுவார். தங்கச்சி, நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது, அந்தக் கடை வற்றுக்குப் பதிவு செய்யப்பட்டதா என்பதைத்தான். பதிவில்லாத கடை வற் அறவிடவே முடியாது.

அக்கரைப்பற்று உம்மா:
எனக்குக் கொடுத்தது சம்பளப் பட்டியல். சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8, முதலாளியிடம் 12, நம்பிக்கை நிதிக்கு 3 என்பது பத்து ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியதுதான் என்பதைக் கண்டதும் கை நடுக்கம் நின்றது. ஆனால் மிகைநேரக் கொடுப்பனவையும் சேர்த்துக் கணித்துவிட்டேன். அதைச் சேர்க்கக் கூடாது என்று மறந்துபோனது இடைவெளியால்தானா, முன்பும் அப்படித்தான் செய்தேனா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

ஆரையம்பதி வாசகி:
ஐயா, பதிவு பற்றி நான் கேட்கவேயில்லை. திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வட்டத்தைப் பற்றி நானாகவே பேச்சைத் தொடங்கலாமா?