தங்கை முதல்முறையாகத் தனியே பறக்கிறாள்: வீட்டில் எதைச் சொல்லி வைப்பது?

கேட்கும் அண்ணன்

வரும் 15ஆம் தேதி என் தங்கை மேற்படிப்புக்குப் புறப்படுகிறாள். தனியாகப் பறப்பது இதுதான் முதல் முறை, நடுவில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். நான் வேறொரு நாட்டில் இருப்பதால் உடன் போக வழியில்லை. டிக்கெட்டை அப்படியே உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடு என்கிறார் அப்பா. இறங்கியவுடன் அவள் குரலைக் கேட்டால் போதும் என்கிறார் அம்மா. யாருக்கு எதைக் கொடுப்பது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த மாணவர்

இதில் யோசிக்க ஒன்றுமில்லை, அண்ணா. விமானத்தின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் செயலிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தபடியே கடைசி நிமிடம் வரை பார்க்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

டிக்கெட் முன்பதிவு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்

தம்பி சொல்வதில் பாதி சரி. எண்ணும் புறப்படும் தேதியும் இருந்தால் தேடிவிடலாம். ஆனால் செயலி காட்டுவது விமானத்தை, உள்ளே இருக்கும் பெண்ணை அல்ல. கடலுக்கு மேலே போகும்போது தரையிலுள்ள கருவிகளுக்கு விமானத்தின் சமிக்ஞை எட்டாமல் போவதுண்டு. அப்போது திரையில் விமானம் மறைந்துபோகலாம், அல்லது செயலி உத்தேசமாக ஒரு கோட்டை வரைந்துகொண்டிருக்கும். விவரம் தெரியாத பெற்றோர் அதைப் பார்த்து நடுங்கிப்போவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரே எண் தினமும் பறக்கும் என்பதையும் சொல்லுங்கள். தேதியைப் பார்க்காமல் தேடினால் நேற்றைய விமானம் இறங்கிவிட்டதைப் பார்த்து, பிள்ளை ஏன் இன்னும் பேசவில்லை என்று பதறுவார்கள்.

அப்பாவின் யோசனையை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். டிக்கெட்டில் பி.என்.ஆர். என்று ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். அதுவும் பயணியின் கடைசிப் பெயரும் கையில் இருந்தால், பல நிறுவனங்களின் இணையதளத்தில் முன்பதிவைத் திறந்துவிடலாம். இருக்கையை மாற்றலாம், சில சமயம் பயணத்தையே ரத்து செய்யலாம். போர்டிங் பாஸில் உள்ள பட்டைக் குறியீட்டிலும் அந்த விவரம் அடங்கியிருக்கிறது. அதனால் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைக்கக்கூடாது. முழு டிக்கெட் உங்களிடமும் பெற்றோரிடமும் இருக்கட்டும். மற்றவர்களுக்கு நாளும் நேரமும் தெரிந்தால் போதும்.

ஒரு தாய்

என் மகன் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். முதல் விமானம் தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிட்டான். அங்கேயே வேறொரு விமானத்தில் இடம் கொடுத்தார்கள், எண்ணும் மாறிவிட்டது. அவனுடைய பேசியில் இணைப்பு இல்லை. நாங்கள் பழைய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். விமானம் இறங்கிவிட்டது என்று காட்டியது. அழைத்துப்போக வந்த நண்பர் வாசலில் மூன்று மணி நேரம் நின்றார், பிள்ளை வரவில்லை. விமான நிறுவனத்தை அழைத்தால், பயணியைப் பற்றிய விவரத்தை மற்றவரிடம் சொல்ல மாட்டோம் என்றார்கள். அந்த மூன்று மணி நேரம் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

கேட்கும் அண்ணன்

அம்மா, படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது. மகன் எப்படித் தகவல் சொன்னார்?

ஒரு தாய்

பக்கத்தில் நின்ற ஒருவரிடம் பேசியைக் கேட்டு வாங்கி அழைத்திருக்கிறான். என் எண் மனப்பாடமாக இருந்ததால் பிழைத்தோம். அழைத்துப்போக வரவேண்டியவரின் எண் அவனுக்கு நினைவில்லை.

பெட்டியின் எடையைப் பற்றிக் கவலைப்படுபவர்

விமானம் மாறும்போது பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். என் பெட்டி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

டிக்கெட் முன்பதிவு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்

பெட்டி இருக்கட்டும், இங்கே கேள்வி தகவலைப் பற்றியது. அண்ணா, உங்கள் தங்கையின் நேரங்களைக் கொடுங்கள்.

கேட்கும் அண்ணன்

15ஆம் தேதி 00:50க்குப் புறப்பாடு. மாறும் ஊரில் 03:30க்கு இறங்கி 08:10க்குக் கிளம்ப வேண்டும். போய்ச் சேர்வது 12:30. மாறும் ஊர் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சேரும் ஊர் நாலரை மணி நேரம் பின்னால்.

டிக்கெட் முன்பதிவு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்

முதலில் அந்த 00:50ஐக் கவனியுங்கள். தேதி 15 என்றாலும் அவள் வீட்டைவிட்டுக் கிளம்புவது 14ஆம் தேதி மாலை. இதில் ஏமாந்து ஒரு நாள் தாமதமாக வந்தவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

டிக்கெட்டில் உள்ள நேரம் எல்லாம் அந்தந்த ஊரின் நேரம். அதை அப்படியே கொடுத்தால் அம்மா பகல் 12:30க்கே பேசியைக் கையில் எடுத்துவிடுவார். வீட்டு நேரத்துக்கு மாற்றிக் கொடுங்கள். முதல் இறக்கம் காலை 5:00, அடுத்த புறப்பாடு 9:40, கடைசி இறக்கம் மாலை 5:00.

மாலை 5:00 என்பது விமானம் நிலையத்தில் வந்து நிற்கும் நேரம்தான். கதவு திறக்க வேண்டும், குடியேற்றச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும், பல இடங்களில் அங்கே பேசியை எடுக்கவே விட மாட்டார்கள். பிறகு பெட்டி வர வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனால் வியப்பில்லை. ஆகவே, '7:30க்குள் செய்தி வரும், 8:30 வரை வராவிட்டாலும் கவலை வேண்டாம், அதன் பிறகு அழைத்துப்போக வருபவரை நான் அழைக்கிறேன்' என்று அம்மாவிடம் சொல்லுங்கள். யார் அழைப்பது என்பது ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் அழைத்தால் அவளுடைய பேசியின் மின்கலம்தான் தீரும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த மாணவர்

விமான நிலையத்தில் வைஃபை இருக்குமே, இறங்கியதும் செய்தி போட்டுவிடலாமே?

டிக்கெட் முன்பதிவு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்

போடலாம். ஆனால் சில நிலையங்களில் வைஃபை திறக்க, பேசிக்கு ஒரு கடவு எண் அனுப்புவார்கள். ரோமிங் இல்லாத சிம்முக்கு அது வராது. அதை நம்பி இருக்க வேண்டாம்.

ஒரு தாய்

இருக்குமிடத்தை வாட்ஸ்அப்பில் தொடர்ந்து காட்டும்படி வைத்தால் என்ன? எனக்கு அதுதான் நிம்மதி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த மாணவர்

எனக்கு அது பிடிக்கவில்லை, அம்மா. அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் ஓடும், விமானத்தில் இணைப்பு போனதும் நின்றுவிடும். நின்றவுடன் வீட்டில் கலவரம். விமான நிலையத்திலிருந்து தங்குமிடம் போகும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்றால் சரி.

ஒரு தாய்

பெற்றவளுக்கு அப்படித் தோன்றாது, தம்பி. அதை அந்தப் பெண்ணிடமே கேட்கட்டும்.

கேட்கும் அண்ணன்

கேட்டுவிட்டேன், அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அழைத்துப்போக வருபவருக்கு அனுப்ப இதை எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்:

'15ஆம் தேதி, உங்கள் ஊர் நேரம் பகல் 12:30. விமான எண் டிக்கெட்டில் உள்ளபடி. வெளியே வர 2:30 ஆகலாம். பேசி இயங்காவிட்டால் வருகை வாசலிலேயே நிற்பாள், வேறெங்கும் போக மாட்டாள். விமானம் மாறினால் எனக்கு முதலில் சொல்வாள், நான் உங்களுக்குச் சொல்வேன்.'

இதையும் நான்கு பேசி எண்களையும் தங்குமிட முகவரியையும் ஒரு தாளில் எழுதி, கடவுச்சீட்டின் உறைக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

டிக்கெட் முன்பதிவு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்

எந்த முனையம் என்பது விட்டுப்போயிருக்கிறது. பெரிய நிலையங்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலில் போக வேண்டியிருக்கும். இன்னொன்று: இரண்டாவது விமானத்தை உண்மையில் இயக்குவது யார் என்று பாருங்கள். ஒரு நிறுவனம் டிக்கெட் விற்கும், இன்னொன்று விமானத்தை ஓட்டும். அப்போது ஒரே விமானத்துக்கு இரண்டு எண்கள். செயலியில் விற்றவரின் எண்ணைப் போட்டால் சில நேரம் ஒன்றுமே வராது.

கேட்கும் அண்ணன்

பார்த்தேன். டிக்கெட்டின் அடியில் சிறிய எழுத்தில் வேறு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. இரண்டு எண்களையும் எழுதி, முனையத்தையும் சேர்த்து மறுபடி அனுப்பிவிட்டேன்.