ஸ்பானிஷ் சாட்டில் நோகடிக்காமல் விலகுவது எப்படி? அவசரம்

தீபன்_வா: டேட்டிங் செயலியில் அறிமுகமான பெண்ணோடு ஸ்பானிஷில் பேசிவருகிறேன். நல்லவள்தான், ஆனால் எனக்கு அந்த ஈர்ப்பு வரவில்லை. இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். என்ன எழுதலாம்?

மீனா.ரா: எந்த நாட்டுப் பெண்? நேரில் பார்த்தீர்களா? அடுத்த சந்திப்பு ஏதும் பேசியிருக்கிறீர்களா?

கடல்காகம்: பதில் போடாமல் விட்டுவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். என்னிடம் ஒரு மெக்சிகோக்காரி அப்படித்தான் செய்தாள். ஒரு மாதம் தவித்தேன், அப்புறம் சரியாகிவிட்டது.

மூத்தவன்72: விவரமே இல்லாமல் கேள்வி கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது, தம்பி. 'எஸ்தொய் முய் லியாதோ', வேலை அதிகம் என்று எழுதுங்கள். ஸ்பெயினில் எல்லோரும் சொல்வதுதான்.

மீனா.ரா: ஐயா, அங்கே அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் வேலை என்றால் 'சரி, எப்போது ஓயும்?' என்று அவள் காத்திருப்பாள். 'போர் அஓரா', அதாவது இப்போதைக்கு, என்று சேர்த்தாலும் இதே சிக்கல்தான்.

தீபன்_வா: மன்னிக்கவும். நான் வலென்சியாவில் படிக்கிறேன், அவள் அர்ஜென்டினா. ஒருமுறை காபி குடித்தோம். சனிக்கிழமை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள்.

மீனா.ரா: அப்படியானால் சனிக்கிழமைக்கும் சேர்த்துப் பதில் வேண்டும். இப்படி எழுதுங்கள்:

```
Hola. Me gustó mucho charlar con vos
y el café del otro día. Pero no siento
algo romántico y prefiero decírtelo
antes del sábado. Te deseo lo mejor.
Un abrazo.
```

உன்னோடு பேசியதும் அன்றைய காபியும் மிகவும் பிடித்திருந்தது, ஆனால் காதல் உணர்வு வரவில்லை, சனிக்கிழமைக்கு முன்பே சொல்லிவிட விரும்புகிறேன், நல்லதே நடக்கட்டும், ஒரு அணைப்பு என்று பொருள். காரணத்தை உங்கள் மனதின் பக்கமே வைத்திருக்கிறேன். அவளிடம் என்ன குறை என்று தேடவே வேண்டாம். நண்பர்களாக இருப்போம் என்பதை நிஜமாகவே விரும்பினால் மட்டும் சேருங்கள். முடிவில் 'பெசோஸ்' போடாதீர்கள். ஸ்பெயினில் நண்பர்களுக்கும் முத்தம் என்று எழுதி முடிப்பார்கள், ஆனால் இந்தச் செய்தியில் அது குழப்பும்.

மூத்தவன்72: ஸ்பெயினில் இருப்பவர் 'உன்னோடு' என்பதற்கு 'கொன் வோஸ்' எழுதுவதா? 'கொன்தீகோ' என்றுதான் எழுத வேண்டும்.

மீனா.ரா: அவள் ஊரில் 'நீ' என்பதற்கு 'வோஸ்'தானே ஐயா. நெருக்கமாகக் கேட்கும்.

மூத்தவன்72: இதுவரை அவளோடு ஸ்பெயின் வழக்கப்படி 'நீ' என்பதற்கு 'தூ' போட்டுப் பேசியவர் விடைபெறும் நேரத்தில் மட்டும் மாற்றினால் யாரோ எழுதித் தந்தது என்று தெரிந்துவிடும். அதுதான் நோகும்.

மீனா.ரா: அவர் எதில் பேசினார் என்று அவரே சொல்லட்டும். நான் வோஸ்தான் வைப்பேன்.

கடல்காகம்: எனக்கு இப்படி நாலு வரி வந்திருந்தால் அந்த ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

தீபன்_வா: தூ போட்டுத்தான் பேசிவந்தேன், அதனால் கொன்தீகோ என்று மாற்றி அனுப்பினேன். 'சொன்னதற்கு நன்றி, உனக்கும் ஒரு அணைப்பு' என்று பதில் வந்தது. எல்லோருக்கும் நன்றி.

இளவேனில்: எனக்கும் இதே நிலைமை, ஆனால் நாங்கள் ஆடியோவிலேயே பேசுகிறவர்கள். எழுத்தில் அனுப்பினால் விறைப்பாகத் தெரியுமா? அவர் கொலம்பியா.